முதல் முதலீட்டுக் கணக்கு: படிவத்தில் பெயர் வரும் மூன்று இடங்கள்

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் நாங்கள் நால்வர் கடந்த தவணை விடுமுறையில் யூனிட் ட்ரஸ்ட் கணக்கு திறந்தோம். கணித சேர், விஞ்ஞான டீச்சர், இஸ்லாம் பாடம் படிப்பிக்கும் மௌலவி, இதை எழுதுகிறவர். நால்வருக்கும் இதுதான் முதல் முதலீட்டுக் கணக்கு. அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வங்கிப் புத்தகம், சீட்டு, கொஞ்சம் நகை, முடிந்தால் ஒரு துண்டு வளவு.

விடுமுறை முடிந்து வந்ததும் மற்ற ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கினார்கள். "எப்படித் திறந்தீங்க? என்னென்ன கேட்டாங்க? எத்தனை நாள் போச்சு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். தேவைப்படுகிறவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிதியத்தில் போடலாம், எவ்வளவு இலாபம் வரும் என்பது இந்தப் பதிவு அல்ல. அது வேறு பேச்சு. கணக்கைத் திறக்கும் வேலையை மட்டும்தான் இங்கே சொல்கிறோம். அதிலும் நாங்கள் கண்டது ஒரே விஷயம்தான். படிவம் நிரப்புவதற்கு அரை மணித்தியாலம் போதும். நாட்களை எடுப்பது பெயர். நம்முடைய பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, நாமினி என்று நாம் எழுதும் ஆளின் பெயர் இன்னொரு மாதிரி. இந்த மூன்று இடத்தையும் முன்கூட்டியே சரி பார்த்து வைத்தால் மற்றதெல்லாம் இலேசு.

*முதலில், இது என்ன கணக்கு*

யூனிட் ட்ரஸ்ட் என்பது பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியம். நாம் போடும் பணத்துக்கு அன்றைய விலைப்படி அலகுகள் கிடைக்கும். உதாரணத்துக்கு, ஓர் அலகு 12 ரூபா 50 சதம் என்றால் 10,000 ரூபாவுக்கு 800 அலகுகள். விலை ஏறினால் நம் பணமும் ஏறும், இறங்கினால் இறங்கும். இது வங்கி வைப்பு அல்ல. வங்கி வைப்புக்கு இருக்கும் வைப்புக் காப்புறுதி இதற்குக் கிடையாது.

இதில் இரண்டு தரப்பு உண்டு. நிதியத்தை நடத்துவது ஒரு முகாமைத்துவக் கம்பனி. சொத்துகளைக் கையில் வைத்திருப்பது வேறொரு நிறுவனம். பெரும்பாலும் அது ஒரு வங்கி. அதை ட்ரஸ்டி, நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பார்கள். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் அனுப்பும் இடத்தில் இது உதவும். முகாமைத்துவக் கம்பனிக்கு பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி இருக்க வேண்டும். அனுமதி பெற்ற கம்பனிகளின் பட்டியல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாராவது கணக்கு திறந்து தருகிறேன் என்று வந்தால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வட்டி கலக்காத முதலீடு வேண்டுமென்பவர்களுக்கு ஷரீஆ முறைப்படி நடக்கும் நிதியங்களும் நாட்டில் இருக்கின்றன. நாங்கள் அப்படியொன்றையே எடுத்தோம். கணக்கு திறக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

*முதலாவது இடம்: அடையாள அட்டை*

கம்பனி நம்மை யாரென்று உறுதி செய்யாமல் கணக்குத் திறக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதனால்தான் அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், நம் முகத்தின் படம், முகவரிக்கு ஆதாரம் எல்லாம் கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, பணம் எங்கிருந்து வருகிறது, வருடத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு போட உத்தேசம், அமெரிக்கப் பிரஜையா, குடும்பத்தில் பாராளுமன்ற உறுப்பினர் போன்ற பதவியில் யாரும் இருக்கிறார்களா என்றும் கேட்பார்கள். இவை நம்மைச் சந்தேகித்துக் கேட்பவை அல்ல. எல்லோரிடமும் கேட்பவை. உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

பெயர்ப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பழைய லேமினேட் அடையாள அட்டையில் ஆங்கிலம் இல்லை. ஆகவே நம் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் தீர்மானித்திருக்கிறார்கள். வங்கியில் ஒரு எழுதுவினைஞர் Mohamed என்று எழுதினார். பரீட்சைச் சான்றிதழில் Mohammed. கடவுச்சீட்டில் Mohamad. பெண்களுக்கு Fathima, Fatima, Pathima. இதில் எதுவும் பிழையான பெயர் இல்லை. ஆனால் கணினிக்கு அவை மூன்று ஆட்கள். 2017 முதல் வரும் புதிய ஸ்மார்ட் அட்டையில் ஆங்கிலப் பெயரும் இருக்கிறது. புதிய அட்டை எடுத்தவர்கள் அதிலுள்ள எழுத்துகளையே எல்லா இடத்துக்கும் மூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியது பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒரே ஆளுக்குரியவையா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய இலக்கத்தின் முன்னே 19 சேருங்கள். பிறந்த வருடமும் நாளும் முடிகிற இடத்தில், அதாவது பழைய இலக்கத்தின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு, ஒரு 0 சேருங்கள். கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். வருவது உங்கள் புதிய இலக்கம். கணித சேர் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது எங்கள் நால்வரின் அட்டைக்கும் சரியாக வந்தது. வங்கியில் பழைய இலக்கமும் கையில் புதிய அட்டையும் இருந்தால், வங்கிக்குப் போய் இலக்கத்தைப் புதுப்பித்துவிட்டுப் படிவத்துக்கு வாருங்கள்.

படம் எடுக்கும்போது இரண்டு விஷயம். லேமினேட் அட்டை வெளிச்சத்தில் பளபளக்கும். ஃபிளாஷ் போட்டால் இலக்கத்தின் மேல் வெள்ளைப் பட்டை விழும், படம் திரும்பி வரும். ஜன்னலுக்குப் பக்கத்தில், மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அடுத்தது முகம். அட்டையில் இருபது வருடத்துக்கு முந்திய முகமும் இப்போது தாடியுள்ள முகமும் இருந்தால் ஒப்பிட முடியாமல் போகலாம். எங்கள் மௌலவிக்கு அப்படித்தான் ஆனது. ஓர் உத்தியோகத்தர் வீடியோ அழைப்பில் பேசி, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி உறுதி செய்தார். ஸ்கார்ஃப் போட்டிருப்பது பிரச்சினை இல்லை, முகம் முழுவதும் தெரிந்தால் சரி. முகம் மூடும் சகோதரிகள் பெண் உத்தியோகத்தர் ஒருவர் பார்க்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

முகவரிதான் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பெரிய தலையிடி. கிழக்கில் நாம் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறோம். அடையாள அட்டையில் உம்மா வீட்டு முகவரி. இருப்பது மனைவியின் வீட்டில். கரண்ட் பில் மாமாவின் பெயரில், தண்ணீர் பில் மாமியின் பெயரில். பதினைந்து வருடம் குடியிருந்தும் அந்த வீட்டு முகவரியில் நம் பெயருக்கு ஒரு கடதாசி கிடையாது. கம்பனி கேட்பது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வந்த, நம் பெயரும் முகவரியும் சேர்ந்திருக்கும் ஆவணம். இதற்கு இரண்டு வழி கண்டோம். ஒன்று, வங்கியில் முகவரியை மாற்றிவிட்டு அந்த முகவரியோடு வரும் கணக்குக் கூற்றை எடுப்பது. மற்றது, ஜீ.எஸ்.ஸிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குவது. முதலாவது இலேசு. ஏனென்றால் அடுத்த கட்டத்துக்கும் அதே வங்கிக் கூற்றுத்தான் தேவை.

*இரண்டாவது இடம்: வங்கி*

பணம் போவதும் வருவதும் ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான். அந்தக் கணக்கு நம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். நாம் அலகுகளை விற்கும்போது கம்பனி பணத்தை அந்தப் பதிவு செய்த கணக்குக்கு மட்டும்தான் அனுப்பும். இது நமக்குப் பாதுகாப்பு. யாராவது நம் கடவுச்சொல்லைத் திருடினாலும் பணத்தைத் தன் கணக்குக்கு நேரே எடுத்துவிட முடியாது. பதிவு செய்த கணக்கை மாற்றுவதற்கு வேறு கடதாசி வேலை இருக்கிறது.

கேட்கும் விபரங்கள் நான்கு: வங்கியின் பெயர், கிளை, கணக்கு இலக்கம், கணக்கிலுள்ள பெயர். சில படிவங்களில் வங்கிக் குறியீடும் கேட்பார்கள். அது நான்கு இலக்கம். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. கிளைக் குறியீடு மூன்று இலக்கம். தெரியாவிட்டால் கிளையில் கேட்டால் சொல்வார்கள்.

கணக்கு இலக்கத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஏரீஎம் அட்டையில் இருக்கும் பதினாறு இலக்கம் கணக்கு இலக்கம் அல்ல, அது அட்டையின் இலக்கம். கூற்றைப் பார்த்து எழுதுங்கள். எழுதியதை இன்னொருவர் உரக்க வாசிக்க, நீங்கள் கூற்றில் விரல் வைத்துப் பாருங்கள். விடைத்தாள் புள்ளிகளைக் கூட்டிச் சரிபார்ப்பது போலத்தான்.

விஞ்ஞான டீச்சரின் விஷயம் இங்கே சொல்ல வேண்டியது. அடையாள அட்டையில் அவருடைய பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர். நம் பெண்களில் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு திறந்த சேமிப்புக் கணக்கில் கணவரின் பெயரோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். சம்பளக் கணக்கிலோ வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும் சுருங்கிக் கிடந்தது. அவர் சேமிப்புக் கணக்கைப் படிவத்தில் எழுதினார். நான்கு நாளில் பதில் வந்தது: பெயர் பொருந்தவில்லை. சம்பளக் கணக்கைக் கொடுத்திருந்தால் முதலெழுத்தும் முழுப்பெயரும் ஒன்றுதான் என்று விளங்கிக்கொண்டிருப்பார்கள். கணவரின் பெயர் சேர்ந்தது வேறு பெயராகத் தெரியும்.

அவர் வங்கிக் கிளைக்கு அடையாள அட்டையோடு போய்ப் பெயரைத் திருத்தக் கேட்டார். அட்டையின் பிரதி, கலியாணச் சான்றிதழின் பிரதி, ஒரு கடிதம். அதோடு முடிந்தது. வித்தியாசம் பெரிதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதி மூலத்தைக் கவனமாக வைத்திருங்கள். அடுத்த முறையும் உதவும்.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கு மட்டும் உள்ளவர்கள் கம்பனியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் தனிக் கணக்குத்தான் வேண்டுமென்பார்கள். நீண்டநாள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் உறங்கிக் கிடக்கும் கணக்கைக் கொடுக்கவே வேண்டாம். பணம் திரும்பி வரும்போது தடைப்படும்.

*முதல் பணம்*

கணக்கு திறந்தாயிற்று, வாடிக்கையாளர் இலக்கம் வந்தது. இப்போதுதான் அந்த ட்ரஸ்டி விஷயம் வருகிறது. பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு நிதியத்தின் பெயரில் அல்லது ட்ரஸ்டியின் பெயரில் இருக்கும். முகவரின் பெயரிலோ வேறு எந்தத் தனி ஆளின் பெயரிலோ இருக்கவே இருக்காது. "சேர், அவசரமென்றால் என் எக்கவுண்ட்டுக்குப் போடுங்க, நான் கட்டிவிடுறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுப்பும்போது குறிப்பில் வாடிக்கையாளர் இலக்கத்தை எழுதுங்கள். இல்லையென்றால் பணம் நிதியத்துக்குப் போய்ச் சேரும், ஆனால் யாருடையதென்று தெரியாமல் நிற்கும்.

நாங்கள் நால்வரும் முதல் தடவை சிறு தொகையே போட்டோம். அலகுகள் பதிவானதற்கான உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் வந்தது. பிறகு அதில் ஒரு பகுதியை விற்றுப் பார்த்தோம். சில வேலை நாட்களில் சம்பளக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. போகும் வழியும் வரும் வழியும் திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மாதாந்தத் தொகையை முடிவு செய்தோம். விற்றுப் பார்க்காமல் பெரிய தொகை போடாதீர்கள். வங்கி இணைப்பு சரியா என்று காட்டும் ஒரே சோதனை பணம் திரும்பி வருவதுதான்.

*மூன்றாவது இடம்: நாமினி*

இதைத்தான் எல்லோரும் கடைசியில், களைத்துப் போன நேரத்தில், ஒரு பெயரை எழுதிவிட்டு ஒப்பமிடுகிறார்கள். எங்களுக்கு மற்ற இரண்டு இடமும் சேர்ந்து எடுத்ததை விட இந்த ஒரு வரிக்கு அதிக நேரம் போனது.

நாமினி என்றால், பின்னுரித்தாளி என்றும் எழுதியிருப்பார்கள், நாம் மௌத்தான பிறகு கம்பனி யாரிடம் பணத்தைக் கொடுக்கும் என்பது. முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், உறவுமுறை, முகவரி கேட்பார்கள். ஒருவருக்கு மேல் எழுதினால் ஒவ்வொருவருக்கும் எத்தனை வீதம் என்றும் கேட்பார்கள். மேலே சொன்ன பெயர் விஷயம் இங்கும் அப்படியே பொருந்தும். மனைவியின் பெயரை நாம் வீட்டில் கூப்பிடுவது போலவோ நம் பெயரைச் சேர்த்தோ எழுதக்கூடாது. அவருடைய அடையாள அட்டையில் உள்ளது போல, வாப்பாவின் பெயரோடு எழுத வேண்டும். நாம் இல்லாத நாளில் அந்தப் பெயரைத் திருத்த நாம் வரமாட்டோம்.

பிள்ளையை நாமினியாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லையென்றால் பணத்தை அதன் கையில் கொடுக்க முடியாது. பாதுகாவலர் யாரென்ற கேள்வி வரும், காலம் இழுபடும். பெரியவர் ஒருவரை எழுதுவதே நல்லது.

ஆனால் பெரிய கேள்வி இதுவல்ல. கணித சேர் மனைவியின் பெயரை எழுதி நூறு வீதம் என்று போட்டார். மௌலவி கேட்டார், "சேர், நீங்க மௌத்தானா இந்தக் காசு முழுக்க அவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தானே எழுதியிருக்கு."

"உங்க உம்மா இருக்காங்களே."

ஆசிரியர் அறை அமைதியாகிவிட்டது. சேருடைய உம்மா ராத்தாவின் வீட்டில் இருக்கிறார். மகன் இப்படியொரு கணக்கு திறந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

மௌலவி சொன்னது இதுதான். நாமினி என்று பெயர் எழுதுவது வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்து வைப்பது போல. வீட்டைக் கொடுப்பது அல்ல. நாமினி பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்கும் அமானிதக்காரர். மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அங்கத்தவரின் நாமினியை இப்படித்தான் நடத்துகிறார்கள். அவர் உரிமையாளர் அல்ல, பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி. எங்கள் நாட்டிலும் ஒரு முஸ்லிம் மரண சாசனம் எழுதாமல் மௌத்தானால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டமே அவருடைய சொத்துக்குப் பொருந்தும். ஆனால் கம்பனி வாரிசுகளைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுக்காது. நாமினியிடம் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது. மீதி குடும்பத்துக்குள் நடக்க வேண்டியது.

கணித சேர் ஒரு தாளை எடுத்தார். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள், உம்மா. வாப்பா மௌத்து. கணக்கில் 720,000 ரூபா இருக்கிறதென்று வைத்துக்கொண்டார். கடன், ஜனாஸாச் செலவு எல்லாம் கழித்த பிறகு என்று மௌலவி சேர்த்துச் சொன்னார்.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று: 90,000. உம்மாவுக்கு ஆறில் ஒன்று: 120,000. இரண்டும் போக மிச்சம் 510,000. அது மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகனுக்கு 340,000, மகளுக்கு 170,000. கூட்டிப் பார்த்தார், 720,000 வந்தது.

அதாவது நாமினி என்று மனைவியின் கையில் வரும் ஏழு இலட்சத்து இருபதாயிரத்தில் அவருடைய சொந்தப் பங்கு 90,000 மட்டும். பிள்ளைகளின் பங்கை அவர்தான் பராமரிக்கப் போகிறார் என்றாலும், 120,000 வேறொரு வீட்டில் இருக்கும் ஒரு வயதான பெண்ணுக்குரியது. அது யாருக்கும் தெரியாவிட்டால் மனைவி கெட்டவர் என்பதால் அல்ல, தெரியாததால் மட்டுமே அது போய்ச் சேராது. பிறகு எப்போதாவது தெரியவந்தால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது. அப்படிப் பேச்சு நின்ற குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

"அப்ப வீதத்தை இப்பவே பிரிச்சு எழுதிட்டா?" என்று விஞ்ஞான டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வாரிசுப் பங்கு மௌத்தாகும் நாளில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாளைக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால் பிள்ளைகளின் பங்கு மாறும். உம்மா முந்தினால் அந்த ஆறில் ஒன்றே இல்லை. இன்று எழுதும் வீதம் அன்றைக்குப் பிழையாகிவிடும். அதனால் நம்பிக்கையான ஒருவரை நாமினியாக எழுதிவிட்டு, அவருக்கும் மற்றவர்களுக்கும் விஷயத்தைத் தெரியப்படுத்தி வைப்பதே நடைமுறைக்குச் சரி என்று முடிவு செய்தோம்.

சேர் மனைவியையே நாமினியாக வைத்துக்கொண்டார். கூடவே ஒரு தாளில் இப்படி எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டார்:

"இந்தக் கணக்கில் என் மனைவியை நாமினியாக எழுதியிருப்பது பணத்தைப் பெற்றுக்கொள்வதற்காக மட்டுமே. என் கடன்களைத் தீர்த்த பின் மீதியை அன்றைய தினம் உயிரோடிருக்கும் என் வாரிசுகளுக்கு ஷரீஆப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும்."

கீழே கம்பனியின் பெயர், வாடிக்கையாளர் இலக்கம். ஒரு பிரதி மனைவியிடம், ஒரு பிரதி ராத்தாவின் கணவரான மச்சானிடம். இந்தத் தாள் மரண சாசனம் அல்ல, கம்பனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் யாருக்கு என்ன உரியது என்பதற்கு மௌத்தானவரின் கையெழுத்தே சாட்சி. இதைவிட உறுதியாக வேண்டுமென்றால், வீடு வளவு போன்ற பெரிய சொத்து இருந்தால், ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

விஞ்ஞான டீச்சர் தன் தங்கைக்கும் கணக்கு திறக்க உதவினார். தங்கை கலியாணம் முடிக்கவில்லை, வாப்பாவும் இல்லை. உம்மாவை நாமினியாக எழுதினார்கள். அங்கும் கணக்கு அப்படித்தான். இரண்டுக்கு மேற்பட்ட சகோதர சகோதரிகள் இருப்பதால் உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மீதி அவர்களுக்கு. கலியாணம் முடிந்ததும் நாமினியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தங்கையின் போனில் இப்போதே குறித்து வைத்தார்கள். கலியாணம், பிள்ளை பிறப்பு, தலாக், நாமினியின் மௌத்து. இந்த நான்கில் ஒன்று நடந்தால் அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். மாற்றுவதற்கு ஒரு படிவம்தான், கட்டணம் பெரிதாக ஒன்றுமில்லை.

எங்கள் நால்வரில் யாருக்கும் கணக்கு திறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகவில்லை. கணித சேருக்கு ஆறு நாள், விஞ்ஞான டீச்சருக்கு மூன்று கிழமை. வித்தியாசம் வங்கிப் பெயரில் சேர்ந்திருந்த அந்த ஒரு சொல்தான்.

ஆகவே படிவத்தைக் கையிலெடுக்க முன், உங்கள் அடையாள அட்டை, வங்கிக் கூற்று, நாமினியாக எழுதப் போகும் ஆளின் அடையாள அட்டை மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அதன் பிறகு நாமினி ஆளோடு உட்கார்ந்து, இந்தப் பணத்தில் யார் யாருக்குப் பங்கு என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். கணித சேர் அன்று பின்னேரமே ராத்தாவின் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னாராம். உம்மா கேட்டது ஒன்றுதான்: "நீ இருக்கக்குள்ள எனக்கென்னத்துக்கு மகன் காசு?" என்றாலும் அந்தத் தாளின் மூன்றாவது பிரதி இப்போது உம்மாவின் தலையணை உறைக்குள் இருக்கிறது.